எங்கே வேலை, எந்தத் தெரு?

வரன் பார்க்கும் ஆப்பில் இரண்டு பேர் பேசத் தொடங்கினால், ஓரிரு நாளிலேயே இந்தக் கேள்விகள் வந்துவிடும். "எந்த ஏரியா நீங்க?" "எந்தக் கம்பெனி?" கேட்பவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. நம் ஊரில் சம்பந்தம் பேசுவதே ஊரையும் வேலையையும் விசாரித்துத்தான். ஆனால் அந்தக் காலத்தில் நடுவே ஒரு தரகர் இருந்தார், அல்லது ஒன்றுவிட்ட மாமா இருந்தார். ஏதாவது வில்லங்கம் என்றால் அவரைப் போய்க் கேட்கலாம். ஆப்பில் அப்படி நடுவில் யாரும் இல்லை. திருமண இணையதளங்கள் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் கொடுத்தது. அதன்படி பெயருக்குப் பக்கத்தில் தெரியும் டிக் குறி, போன் நம்பரோ அடையாள அட்டையோ சரி என்பதைச் சொல்லும். ஆள் எப்படி என்பதைச் சொல்லாது.

இங்கேதான் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சொன்னால் முன்பின் தெரியாத ஒருவர் கையில் முகவரி போகும். சொல்லாவிட்டால் "எதையோ மறைக்கிறா" என்ற பேச்சு வரும். நல்ல வரன் ஒன்று கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் சொல்லிவிடுகிறார்கள். சிலர் பொய் சொல்கிறார்கள். என் கணிப்பில் பொய்தான் இரண்டிலும் மோசம். இரண்டு குடும்பமும் பேசத் தொடங்கியதும் அது வெளியே வரும். அதன்பிறகு சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சுபா என்று ஒரு பெண். கற்பனைப் பெயர்தான். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறார். ப்ரொஃபைலில் முழுப் பெயர் இல்லை, போட்டோ மட்டும் இருக்கிறது. பேச்சுவாக்கில், "சரவணம்பட்டி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மேத்ஸ் எடுக்கிறேன்" என்கிறார். காலேஜ் பெயரைத்தான் சொல்லவில்லையே என்று அவருக்கு நிம்மதி.

எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். சரவணம்பட்டி சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளை எண்ணிவிடலாம். பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் துறைவாரியாக ஆசிரியர் பட்டியல் போட்டிருக்கின்றன. போட்டோ, படிப்பு, சில இடங்களில் மின்னஞ்சல் முகவரி வரை இருக்கும். கணிதத் துறைப் பக்கத்தைத் திறந்து போட்டோவை ஒத்துப் பார்த்தால் இனிஷியலோடு முழுப் பெயர் கிடைத்துவிடும். அந்த இனிஷியல் யாருடைய பெயர் என்பதை, பொருத்தம் பார்க்க அனுப்பிய ஜாதகம் சொல்லிவிடும். அதில் அப்பா பெயர் முழுதாக இருக்குமே.

பெயர், அப்பா பெயர், ஏறக்குறைய வயது, ஏரியா. இவ்வளவும் சேர்ந்தால் முகவரி தூரத்தில் இல்லை. தேர்தல் ஆணையம் வெளியிடும் வாக்காளர் பட்டியலில் வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கத்தான் அதை வெளியிடுகிறார்கள். தேர்தல் நேர்மையாக நடக்க அது தேவையும்கூட. சுபா சொந்த ஊரிலேயே பெயரை வைத்திருந்தால் கோவை முகவரி தப்பும். ஆனால் அப்பா அம்மா இருக்கும் வீடு தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் சுபா தெருவையோ கல்லூரியையோ சொல்லவே இல்லை. சொன்னவை துண்டு துண்டான தகவல்கள்; தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. ஏரியா, தொழிலிடத்தின் வகை, பாடம் என மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னதுதான் சிக்கல். ஏரியாவை விட்டுவிட்டு "கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல மேத்ஸ் எடுக்கிறேன்" என்றிருந்தால், தேட வேண்டிய பட்டியல் பல மடங்கு நீண்டிருக்கும். ஊர் பெரிதாக இருந்தால் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம். பொள்ளாச்சி, கோபி மாதிரி சின்ன ஊர் என்றால் "டீச்சிங்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலையிடமும் முகவரிதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வீட்டு முகவரி தெரிந்தால் ஆள் வாசலுக்கு வருவார். வேலையிடம் தெரிந்தால் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்குக் கேட்டருகே நிற்பார். அல்லது உங்கள் மேலாளருக்கு மெயில் போடுவார். ஆண்களுக்கு இந்த இரண்டாவது வகைத் தொல்லை அதிகம். வீடியோ காலில் ஆபாசமாகப் பதிவு செய்துவிட்டுப் பணம் பறிக்கிற கும்பல் முதலில் திரட்டுவது, அந்த ஆள் எங்கே வேலை செய்கிறார், யார் யார் நண்பர்கள் என்ற பட்டியலைத்தான். "உன் ஆபீஸ் குரூப்ல போட்டுடுவேன்" என்று மிரட்ட ஆபீஸ் பெயர் வேண்டுமே.

சரி, சந்தேகம் வராமல் எப்படித் தள்ளிப்போடுவது? எதிரில் இருப்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யோசித்தால் வழி தெரியும். நல்ல எண்ணத்தோடு பேசுகிறவருக்கு உங்கள் வீட்டு வாசல் வேண்டாம். நீங்கள் சொன்னபடி நிஜமான ஆள்தானா, படிப்பும் வேலையும் உண்மையா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்று தெரிந்தால் போதும். ஆக, சரிபார்க்க உதவும் தகவலைக் கொடுத்துவிட்டு, தேடி வர உதவும் தகவலை நிறுத்தி வைக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

சரிபார்க்க உதவுவது எது? முதலாவது, பேசுவதற்கு ஒரு பெரியவர். "எங்க அண்ணன் நம்பர் தரேன், உங்க வீட்ல பேசச் சொல்லுங்க" என்று சொன்னால் முகவரியைவிடப் பெரிய அத்தாட்சி அது. மோசடிக்காரருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அண்ணன் என்றாலே அவர் ஒரு காரணம் சொல்லி நழுவப் பார்ப்பார். இரண்டாவது, வீடியோ கால். போட்டோவில் இருக்கும் ஆள்தான் பேசுகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் காலைச் சுவர் பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். பின்னால் ஜன்னல் இருந்தால் எதிர்வீட்டுக் கடைப் பலகை தெரியும். மூன்றாவது, படித்த கல்லூரியும் முடித்த வருடமும். அங்கே படித்த பொதுவான நண்பர் யாராவது கிடைப்பார். இதில் ஒரு வரம்பு உண்டு. லிங்க்ட்இன்னில் உங்கள் பக்கம் எல்லாருக்கும் திறந்திருந்தால், கல்லூரியும் வருடமும் போதும், இப்போதைய கம்பெனி வரை போய்விடலாம். அதன் அமைப்புகளில் பொதுப் பார்வையை நிறுத்தி வைத்துவிட்டு இதைச் சொல்வது நல்லது.

சொல்லும் விதத்துக்கு வருவோம். "எந்த காலேஜ்?" என்று கேட்டதும் சுபா பேச்சை மாற்றினால், அவர் மறைப்பது தெரிந்துவிடும். "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றால் கேட்டவர் முகம் சுருங்கும், அவர் கேட்டதில் தப்பு இல்லையே. அதற்குப் பதில் இப்படிச் சொல்லலாம்:

"காலேஜ் பேரு மட்டும் வீட்ல பேசினப்புறம் சொல்றேங்க. ஆன்லைன்ல யார்கிட்ட பேசினாலும் அப்படித்தான் வெச்சிருக்கேன். ஆனா வேலையைப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க. இப்போ ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு எடுக்கிறேன், இன்டெக்ரேஷன்னாலே பாதிப் பேர் கிளாஸை விட்டு ஓடிடறாங்க."

இதில் நான்கு விஷயங்கள் நடக்கின்றன. மறைக்கவில்லை, நேராகவே "இப்போது சொல்லவில்லை" என்கிறார். எப்போது சொல்வார் என்பது தெரிகிறது. இது அவரை மட்டும் சந்தேகிப்பது அல்ல, எல்லாருக்கும் உள்ள வழக்கம் என்பதும் தெரிகிறது. கடைசியாக, வேலையைப் பற்றிக் கல்லூரிப் பெயரைவிட உயிருள்ள ஒரு தகவலைக் கொடுத்துவிட்டார். அதைப் படித்தவர் வகுப்பைப் பற்றித்தான் அடுத்துக் கேட்பார். எங்கே என்பதைச் சொல்லாமல் எப்படி என்பதைத் தாராளமாகச் சொல்கிறவரை யாரும் மூடுமந்திரம் என்று நினைப்பதில்லை. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவரைத்தான் அப்படி நினைப்பார்கள்.

வீடு பற்றிய கேள்விக்கும் இதே முறைதான். "ஹாஸ்டலா, வீடா?" என்றால் "தங்கச்சியோட வீடு எடுத்துத் தங்கியிருக்கேன், சமையல் அவ, பாத்திரம் நான்" என்று சொல்லலாம். ஆனால் தனியாகத் தங்கியிருந்தால் அதை ஆரம்பத்தில் சொல்ல வேண்டியதில்லை. முகவரி இல்லாவிட்டாலும் ஆபத்தான தகவல் அது.

ஒரு நியாயமும் இருக்கிறது. நீங்கள் சொல்லாததை எதிரில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது. உங்கள் கல்லூரிப் பெயரை நிறுத்தி வைத்துவிட்டு அவர் கம்பெனி, பிராஞ்ச், சம்பளச் சீட்டு எல்லாம் விசாரித்தால் அவர் கோபப்படுவதில் தப்பில்லை. "நீங்களும் இப்போ சொல்ல வேண்டாம், பேசிப் பாத்துட்டு மெதுவாச் சொல்லுங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சே லேசாகிவிடும்.

வாயால் சொல்லாததைப் பொருள்கள் சொல்லிவிடும். இதில் முதல் குற்றவாளி பயோடேட்டா. அப்பா ஏதோ ஒரு டிடிபி கடையில் அடித்து வைத்த பிடிஎஃப்; கீழே வீட்டு எண், தெரு, பின்கோடு, மூன்று போன் நம்பர். தரகர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அது எத்தனை போனுக்குப் போயிருக்கும் என்று கணக்கே கிடையாது. மகள் ஆப்பில் ஜாக்கிரதையாகப் பேசி என்ன பயன்? இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. முதலில் அனுப்புவதில் ராசிக் கட்டம், நவாம்சம், நட்சத்திரம், தசா இருப்பு, படிப்பு, பூர்வீக மாவட்டம் இருந்தால் போதும். பொருத்தம் பார்க்க ஜோசியருக்கு அதற்கு மேல் அவசரமாக எதுவும் வேண்டியதில்லை. பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி எல்லாம் இரண்டாவது பிரதியில். ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் என்பதை நினைவில் வைத்தால், தேதியை ஏன் தள்ளி வைக்கிறோம் என்று அப்பாவுக்கு விளங்கவைப்பது சுலபம்.

இரண்டாவது, போன் நம்பர். ஆப்பை விட்டு வாட்ஸ்அப்புக்கு மாறுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ட்ரூகாலரில் தெரியும் பெயர் உங்களை மற்றவர்கள் எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அமைவது. சுபாவின் மாணவர்கள் "சுபா மேம் மேத்ஸ்" என்று போட்டு, பக்கத்தில் கல்லூரிப் பெயரையும் சேர்த்துச் சேமித்திருந்தால், நம்பரைத் தேடுகிறவருக்கு அதுவே வரலாம். யூபிஐ ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் தெரியும். நம்பர் கொடுக்கும் முன் ஒரு நண்பர் போனில் இந்த இரண்டையும் தேடிப் பார்த்துவிடுங்கள். ட்ரூகாலரில் வேண்டாத பெயர் வந்தால், அவர்கள் இணையதளத்திலேயே நம்பரை நீக்கச் சொல்லிக் கேட்க வசதி இருக்கிறது. அதுவரை ஆப்பின் சாட்டிலேயே பேசலாம். "ஆப்லயே பேசுவோம், ஆபீஸ் நேரத்துல வாட்ஸ்அப் பாக்க மாட்டேன்" என்றால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது போட்டோ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த இடத்தின் தகவல் நீங்கிவிடும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் நீங்காது. அதைவிடக் கண்ணுக்குத் தெரிவதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் நாடா, பின்னால் நிற்கும் காலேஜ் பஸ், மேசைமேல் கிடக்கும் பார்சல் கவரில் ஒட்டிய முகவரி. ஸ்கூட்டி நம்பர் பலகையும் அப்படித்தான். டிஎன் 37 என்றால் கோவை தெற்கு, 38 என்றால் வடக்கு என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும்.

பரிசு அனுப்புகிறேன் என்று முகவரி கேட்பது தனி ரகம். பிறந்தநாள் வருகிறது, சர்ப்ரைஸாக ஏதாவது அனுப்ப வேண்டும் என்பார். "வேண்டாங்க, நேர்ல பாக்கும்போது வாங்கிக்கிறேன்" என்பது மரியாதையான பதில். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்பவர் இப்படிக் கேட்டால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சில நாளில், விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு போன் வரும். விலை உயர்ந்த பார்சல் வந்திருக்கிறது, வரி கட்டினால்தான் விடுவோம் என்பார்கள். பல வருடமாக ஓடும் மோசடி இது. முகவரி கொடுத்திருந்தால் அந்த போன் அப்படியே நம்பும்படி இருக்கும். நேரில் சந்திக்க "நானே கார் புக் பண்றேன், எங்க வரணும்?" என்று கேட்பதும் முகவரி கேட்பதுதான். நீங்களே போய்ச் சேருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, தள்ளிப்போட்டதால் ஒரு லாபம் தானாகக் கிடைக்கிறது. சொல்ல மாட்டேன் என்றதும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். பண்பானவர் "சரிங்க" என்று விட்டுவிடுவார். சிலர் லேசாகச் சிணுங்கலாம், அதுகூட இயல்புதான். கவனிக்க வேண்டியது, அதே கேள்வி வேறு வேஷத்தில் திரும்பி வருகிறதா என்பதை. காலேஜ் பெயர் கேட்டவர் இரண்டு நாள் கழித்து "எந்த ஸ்டாப்ல பஸ் ஏறுவீங்க?" என்கிறார். பிறகு "காலேஜ் எத்தனை மணிக்கு விடும்?" பிறகு "வீட்டுக்குப் போயாச்சா, லைவ் லொகேஷன் போடுங்க, கவலையா இருக்கு." ஒவ்வொன்றும் அக்கறையாகத்தான் ஒலிக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே தனியாக நிற்பீர்கள் என்ற விவரம். இன்னொரு அறிகுறி, "நம்பிக்கை இல்லாம எப்படிக் கல்யாணம் பண்றது?" என்று உங்கள்மேல் பழி திருப்புவது. அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

எதை எப்போது சொல்வது என்பதற்கு நம் வழக்கத்திலேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெண் பார்க்க முதலில் வீட்டுக்கு வராமல், கோயிலில் வைத்துப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. பிடிக்காவிட்டால் இரு தரப்பும் சங்கடமில்லாமல் விலகத்தான் அப்படி. ஆன்லைனில் ஆரம்பித்த பேச்சுக்கும் அது அப்படியே பொருந்தும். வீடியோ காலும் பெரியவர்கள் பேச்சும் முடிந்து, கோயிலிலோ ஓட்டலிலோ நேரில் பார்த்த பிறகு வேலையிடத்தின் பெயர். வீட்டு முகவரி, அவர்கள் குடும்பத்தோடு வரும் நாள் நிச்சயமான பிறகு. சுபா வகுப்பு எடுப்பதை மறைத்து வங்கி வேலை என்று சொல்லியிருந்தால், இந்தக் கட்டத்தில் எல்லாம் உடைந்திருக்கும். சொல்லாமல் வைத்திருந்ததால் எதுவும் உடையவில்லை. சொல்வதாகச் சொன்ன நாளில் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே சொல்லிவிட்டு இப்போது பயப்படுகிறவர்களுக்கு: பிளாக் செய்யும் முன் சாட்டையும் ப்ரொஃபைலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் செய்த பிறகு சிலவற்றைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். ஆப்பிலும் புகார் பதியுங்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், இணையத்தில் அவர் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவில் குற்றம்; முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். கல்லூரி வாட்ச்மேனிடமும் உடன் வேலை செய்பவர் ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கும் இடத்தில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் தெருவும் ஆபீஸும் கேட்காதீர்கள். "உங்க வீட்ல யார்கிட்ட பேசலாம்?" என்று கேட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர் நம்பரை முதலில் நீங்கள் கொடுங்கள்.